டாக்ட் டைமும் கான்பானும்: ஒரு பம்பு அசெம்பிளி லைனில் விரயத்தைக் களையும் வழி

விரயத்தைக் களையும் லீன் முறையைத் தொடங்குகிறோம் என்று சொல்லும் பல தொழிற்சாலைகளில் முதலில் நடப்பது தரையில் மஞ்சள் கோடு போடுவது. அடுத்த வாரம் கான்பான், அதாவது தீர்ந்த பொருளைத் திரும்ப வரவழைக்கும் அட்டை, அச்சடிப்பார்கள். மூன்றாவது மாதம் அட்டைகள் டிராயருக்குள் போய்விடும், லைன் பழையபடியே ஓடும். அட்டையில் குற்றமில்லை. லைன் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யாமல், எவ்வளவு சரக்கு நிற்கலாம் என்று முடிவு செய்ததுதான் கோளாறு. டாக்ட் டைம் முதலில், கான்பான் பிறகு. இந்த வரிசையை மாற்ற முடியாது.

டொயோட்டாவில் இந்த முறையை வளர்த்தெடுத்த டயீச்சி ஓனோ ஏழு வகை விரயங்களைப் பட்டியலிட்டார்: தேவைக்கு மேல் உற்பத்தி செய்வது, காத்திருப்பது, பொருளை இங்கும் அங்கும் கொண்டுபோவது, தேவையில்லாத வேலை, அதிக இருப்பு, ஆட்களின் வீண் அசைவு, பழுதான பொருள். இவற்றில் முதலாவதைத்தான் அவர் மிக மோசமானதாகக் கருதினார். தேவைக்கு மேல் செய்த பொருள் குவியலாக நின்று மற்ற ஆறையும் மறைத்துவிடும். இந்த வழிகாட்டி அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டே போகிறது.

விளக்குவதற்கு, கோயம்புத்தூர்ப் பக்கம் பரவலாகக் காணும் வகையிலான ஒரு லைனை எடுத்துக்கொள்வோம்: 1 எச்.பி. மோனோபிளாக் பம்பு, ஏழு ஸ்டேஷன், ஏழு ஆபரேட்டர், ஒரே ஷிப்ட். எண்கள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் லைனின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

படி 1: டாக்ட் டைமைக் கணக்கிடுங்கள்

வாடிக்கையாளருக்கு எத்தனை நொடிக்கு ஒரு பம்பு தேவை என்பதே டாக்ட் டைம். உங்கள் லைனால் எவ்வளவு முடியும் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஷிப்ட் காலை 8.30 முதல் மாலை 5 வரை, அதாவது 510 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, இரண்டு டீ இடைவேளைக்கு 20, காலைக் கூட்டத்துக்கும் மாலை சுத்தம் செய்யவும் 10 நிமிடம் போனால் மீதி 450 நிமிடம். மாதத் தேவை 6,250 பம்பு, வேலை நாள் 25, ஆக ஒரு நாளைக்கு 250.

```
டாக்ட் டைம் = கிடைக்கும் நேரம் / தேவை
           = (450 × 60) / 250
           = 27,000 / 250
           = 108 நொடி
```

இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கும். மெஷின் பழுது, பொருள் வராமல் நின்றது, கரண்ட் போனது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 50 நிமிடத்தைக் கழித்துவிட்டு டாக்ட் போடுவார்கள். 96 நொடி என்று வரும். அப்படிக் கழித்த நிமிடமே நிற்கும் நேரத்துக்கு அனுமதிச் சீட்டாகிவிடும், யாரும் அதைக் குறைக்க மாட்டார்கள். திட்டமிட்ட இடைவேளைகளை மட்டும் கழியுங்கள். திட்டமிடாத நிறுத்தங்களுக்கு இடம் வேண்டும் என்றால், லைன் ஓட வேண்டிய வேகத்தைத் தனியாக, டாக்டைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள். நம் லைனுக்கு 98 நொடி. 250 பம்பை 98 நொடி வீதம் செய்ய 24,500 நொடி போதும், மீதி 2,500 நொடி, ஏறக்குறைய 42 நிமிடம், நிறுத்தங்களுக்கான இடம். அந்த 42 நிமிடம் எங்கே போகிறது என்று தினமும் பார்க்கலாம், மாதம் ஒருமுறை குறைக்கலாம்.

படி 2: வேலையை அசைவு அசைவாக அளந்து பாருங்கள்

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் செல்போனில் பத்து சுற்று வீடியோ எடுங்கள். ஏன் எடுக்கிறோம் என்று ஆபரேட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எடுத்தால் அன்று மட்டும் வேலை மெதுவாகவோ வேகமாகவோ நடக்கும். எடுப்பது, பொருத்துவது, முறுக்குவது, நடப்பது, தேடுவது என்று ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனி நேரம் எழுதுங்கள். பத்து சுற்றின் சராசரியை எடுக்காமல், பலமுறை திரும்ப வந்த மிகக் குறைந்த நேரத்தை எடுங்கள். அதற்கும் மற்றச் சுற்றுகளுக்கும் உள்ள வித்தியாசம் ஏதோ ஒன்று தடுக்கிறது என்பதற்கு அடையாளம். ஒரு சுற்றில் போல்ட் இறங்கவில்லை, இன்னொன்றில் ஸ்குரூடிரைவரைக் காணவில்லை என்று வீடியோவே சொல்லிவிடும்.

நம் லைனில் கிடைத்த நேரம் இப்படி இருக்கிறது:

1. ஸ்டேட்டர் பாடிக்குள் பேரிங்குடன் ரோட்டரை இறக்குவது: 92 நொடி
2. எண்ட் ஷீல்டை மூடி போல்ட் முறுக்குவது: 70
3. மெக்கானிக்கல் சீல், இம்பெல்லர் பொருத்துவது: 118
4. கேசிங் மாட்டுவது: 64
5. டெர்மினல் பாக்ஸ், கெப்பாசிட்டர், வயரிங்: 126
6. டெஸ்டிங்: 85
7. விசிறி மூடி, பெயர்ப்பலகை, பேக்கிங்: 75

மொத்தம் 630 நொடி. மூன்றாவதும் ஐந்தாவதும் 108-ஐத் தாண்டி நிற்கின்றன. லைனின் உண்மையான வேகம் ஐந்தாவது ஸ்டேஷனின் வேகம்தான்: 27,000-ஐ 126-ஆல் வகுத்தால் 214 பம்பு. மீதி 36 பம்புக்கு தினமும் ஒன்றேகால் மணி நேரம் ஓவர்டைம். 'ஆள் பத்தவில்லை, இன்னொருவரைக் கொடுங்கள்' என்று சூப்பர்வைசர் கேட்பது இந்த இடத்தில்தான்.

அதே நேரத்தில் முதல் ஸ்டேஷன் 92 நொடிக்கு ஒன்று தள்ளிக்கொண்டிருக்கிறது. தடுக்க யாருமில்லாவிட்டால் ஒரு ஷிப்டில் 290-க்கு மேல் வரும். மூன்றாவது ஸ்டேஷனால் 228-தான் எடுக்க முடியும். இடையில் 60-க்கு மேற்பட்ட பம்புகள் தரையில் அடுக்கிக் கிடக்கும். அந்தக் குவியலைப் பார்த்து 'முன்பக்கம் நன்றாக ஓடுகிறது' என்று மகிழ்வது வழக்கம். இரண்டாவது ஸ்டேஷனில் சீல் உட்காரும் பள்ளத்தில் கீறல் விழுந்தால் அது டெஸ்டிங்கில் தண்ணீர் கசியும்போதுதான் தெரியும். அதற்குள் அதே கீறலோடு 60 பம்பு வரிசையில் காத்துக்கொண்டிருக்கும்.

படி 3: முதலில் விரயத்தை எடுங்கள், பிறகு வேலையைப் பங்கிடுங்கள்

ஐந்தாவது ஸ்டேஷனின் 126 நொடியைப் பிரித்துப் பார்த்தால், கெப்பாசிட்டர் ரேக் வரை போய்வர 12 நொடி, பாலித்தீன் உறையைக் கிழிக்க 10, ஸ்குரூடிரைவர் முனையை மாற்ற 6. இந்த 28 நொடியில் பம்பு ஒரு துளியும் முன்னேறவில்லை. ரேக்கைக் கைக்கு எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்து, உறையில்லாமல் டிரேயில் வரவழைத்து, இரண்டு முனைக்கு இரண்டு ஸ்குரூடிரைவரைத் தொங்கவிட்டால் 98 நொடியாகிவிடும். செலவு ஒரு ஸ்குரூடிரைவரும் கொஞ்சம் வெல்டிங்கும்.

மூன்றாவது ஸ்டேஷனில் சீலின் உறையைப் பிரித்துத் துடைக்க 14 நொடியும், இம்பெல்லர் எடுக்க நடப்பதில் 8 நொடியும் போகின்றன. சீலில் மட்டும் கவனம் வேண்டும். அதன் உரசும் முகத்தில் விரல் படவோ தூசி ஒட்டவோ கூடாது, பட்டால் கசியும். நேரம் மிச்சமாகிறதே என்று ஸ்டோரிலேயே பிரித்துக் கூடையில் கொட்டிவிட்டால், 14 நொடி மிச்சப்படும், டெஸ்டிங்கில் கசிவு கூடும். ஒவ்வொரு சீலுக்கும் தனிப் பள்ளம் உள்ள, மூடி போட்ட 50 எண்ணிக்கை டிரேயில் சப்ளையரே அனுப்பும்படி பேச வேண்டும். பேக்கிங் ஸ்டேஷனில் அட்டைப்பெட்டி எடுக்க நடக்கும் 10 நொடியையும் சேர்த்தால் மொத்தம் 60 நொடி போய், 570 நொடி மீதமாகும்.

570-ஐ 98-ஆல் வகுத்தால் 5.8. ஆறு பேர் போதும்.

இப்போது ஆறு பேருக்கும் தலா 95 நொடி என்று சமமாகப் பங்கிடத் தோன்றும். அப்படிச் செய்தால் எல்லோரிடமும் மூன்று நொடி சும்மா இருக்கும், யார் கண்ணிலும் படாது. முதல் ஐந்து பேருக்கு 98 நொடி முழுதாகக் கொடுத்து, ஆறாவது ஆளிடம் 80 நொடியை மட்டும் விடுங்கள். லைனில் எவ்வளவு இடம் மிச்சம் என்பது ஒரே இடத்தில் தெரியும். வேலையைப் பங்கிடும்போது அசைவுகளை ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்ததற்கு மட்டுமே நகர்த்துங்கள். சீலின் அசையாப் பாதியை உட்கார்த்தும் வேலை எண்ட் ஷீல்ட் ஆபரேட்டரிடம் போகலாம். டெஸ்டிங் முடிந்த பம்பிலிருந்து ஓஸைக் கழற்றித் தண்ணீரை வடிக்கும் வேலை பேக்கிங் ஆபரேட்டரிடம் போகலாம். ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு பம்பு நிற்கும் அளவுக்குக் கட்டம் வரையுங்கள். கட்டம் நிறைந்திருந்தால் முன்னால் உள்ளவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மேலாளர்களுக்கு இதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருக்கும். அவர் சும்மா நிற்கட்டும், கோளாறு எங்கே என்று அதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஏழாவது ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அனுப்பினால் அடுத்த முறை வீடியோ எடுக்கப் போகும்போது யாரும் உண்மையான வேகத்தில் வேலை செய்ய மாட்டார்கள். தவிர, அவருக்கு வேலை காத்திருக்கிறது. ஆபரேட்டர்கள் நடந்த நடை காற்றில் கரைந்துவிடாது, யாராவது பொருளைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். லைனை நன்றாக அறிந்த அந்த ஏழாவது ஆள் தள்ளுவண்டியோடு அரைமணிக்கு ஒரு சுற்று வரட்டும்.

படி 4: கான்பான் அட்டைகளின் எண்ணிக்கை

வண்டி ஆள் என்ன கொண்டுவர வேண்டும், எவ்வளவு என்பதை அட்டை சொல்லும். ஒரு டிரேக்கு ஒரு அட்டை. அதில் பொருளின் எண், பெயர், டிரேயில் எத்தனை, எந்த ரேக்கிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு, மொத்தம் எத்தனை அட்டையில் இது எத்தனையாவது ('2/4' என்பதுபோல) என்று இருந்தால் போதும்.

```
அட்டைகள் = தேவை × நிரப்பும் நேரம் × (1 + காப்பு) / டிரே அளவு
```

இம்பெல்லரைப் பார்ப்போம். ஏழரை மணி நேரத்தில் 250, அதாவது மணிக்கு 33.3. அட்டை பெட்டியில் விழுந்து வண்டி வர அதிகபட்சம் அரைமணி, அது பொருளோடு திரும்ப இன்னொரு அரைமணி, ஆக நிரப்பும் நேரம் ஒரு மணி. காப்பு 10 சதவீதம், டிரேயில் 10 இம்பெல்லர்.

```
33.3 × 1 × 1.1 / 10 = 3.67  →  4 அட்டை
```

லைனில் எந்த நேரமும் 40 இம்பெல்லருக்கு மேல் இருக்காது. முன்பு காலையிலேயே நாள் முழுமைக்கும் 250-ஐ இறக்கிவைத்திருந்தால், அந்த இடம் முழுக்க இப்போது காலி.

வெளியிலிருந்து வரும் சீலுக்கும் சூத்திரம் அதேதான், நேரம்தான் நீளும். சப்ளையர் தினம் ஒருமுறை வருகிறார், இன்று எடுத்துப்போகும் அட்டைக்கு இரண்டு நாள் கழித்துச் சரக்கு கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை அவர் வண்டிக்காகக் காத்திருக்கும் ஒரு நாளையும் சேர்த்து மூன்று நாள். இந்தக் காத்திருக்கும் நாளைக் கணக்கில் விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. விட்டால் முதல் வாரமே லைன் நிற்கும்.

```
250 × 3 × 1.2 / 50 = 18 அட்டை
```

காப்பை 20 சதவீதமாக வைத்தது சப்ளையரின் வண்டி தாமதமாகலாம் என்பதற்காக. தொடங்கும்போது தாராளமாக வைப்பதில் தவறில்லை, குறைக்கும் வேலை பின்னால் இருக்கிறது. போல்ட், வாஷருக்கெல்லாம் அட்டை வேண்டாம். இரண்டு பெட்டி வையுங்கள், ஒன்று காலியானதும் அந்தக் காலிப் பெட்டியே அட்டை.

இம்பெல்லர் கடையும் மெஷினில் மாடல் மாற்ற 40 நிமிடம் ஆகிறது என்றால், டிரேக்கு டிரே அட்டை அனுப்பிக் கடையச் சொல்ல முடியாது, நாள் முழுக்க செட்டிங்கிலேயே போய்விடும். அங்கே அடுக்கின் நடுவே ஒரு முக்கோணத் தகடு மாட்டுவார்கள். அடுக்கு அந்தத் தகடு வரை இறங்கியதும் அதை எடுத்துப்போய் மெஷினில் மாட்டினால் ஒரு முழு லாட் ஓடும். செட்டிங் நேரத்தைக் குறைத்தால் லாட்டும் குறையும்.

படி 5: ஓட்டும் விதி

டிரேயிலிருந்து முதல் இம்பெல்லரை எடுக்கும் கணமே அட்டையைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். நிரப்பும் நேரம் அந்த நொடியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. டிரே காலியான பிறகு போட்டால், மேலே கணக்கிட்ட நான்கு டிரேயில் ஒன்று கணக்கிலிருந்தே காணாமல் போனதுபோல் ஆகும்: மீதி மூன்று டிரேயில் 30 இம்பெல்லர்தான், ஒரு மணிக்குத் தேவை 33. அட்டையெல்லாம் சரியாக இருந்தும் லைன் நிற்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அட்டையில்லாமல் ஸ்டோரிலிருந்து எதுவும் நகரக் கூடாது, அட்டையில்லாமல் எதுவும் கடையப்படக் கூடாது, பழுதான பொருளோடு அட்டை போகக் கூடாது. மூன்றாவதை மீறினால் அட்டை 10 என்று சொல்லும், டிரேயில் ஒன்பதுதான் தேறும். இந்த விதிகளை முதலில் உடைப்பவர் பெரும்பாலும் ஆபரேட்டர் இல்லை. மாதக் கடைசியில் 'கையோடு ஐம்பது அனுப்பிவையுங்கள்' என்று போனில் சொல்லும் மேலாளர்தான்.

லைனின் தலைப்பில் ஒரு பலகை: ஒவ்வொரு மணிக்கும் திட்டம், நடந்தது, குறைந்தால் காரணம். முழு மணிக்குத் திட்டம் 33. '29, சீல் டிரே 10.40 முதல் 10.47 வரை வரவில்லை' என்று எழுதியிருந்தால் அது பயனுள்ள வரி. 'பொருள் தாமதம்' என்று எழுதியிருந்தால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. 250 முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். 4.40-க்கே முடிந்தால் மீதி இருபது நிமிடத்தில் அன்றைய காரணங்களைப் பாருங்கள், 251-வது பம்பைத் தொடாதீர்கள்.

இரண்டு மாடல் ஓடினால் வரிசையும் முக்கியம். 1 எச்.பி. 150-ம் அரை எச்.பி. 100-ம் என்றால் பெரியது, சிறியது, பெரியது, சிறியது, பெரியது என்று ஐந்தைந்தாகக் கலந்து ஓட்டினால் 1 எச்.பி. இம்பெல்லரின் தேவை மணிக்கு 20. காலையில் முழுக்க 1 எச்.பி., மாலையில் அரை எச்.பி. என்று ஓட்டினால் காலையில் அதே தேவை 33 ஆகிவிடும், அந்த உச்சத்துக்கு ஏற்ப அட்டை போட வேண்டியிருக்கும், மாலை முழுக்க அந்தச் சரக்கு சும்மா நிற்கும்.

படி 6: அட்டையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்

பலர் ஐந்தாவது படியோடு நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றால் கான்பான் ஒழுங்கான ஸ்டோர் முறை, அதற்கு மேல் எதுவுமில்லை. விரயம் வெளிப்படுவது இந்தப் படியில்தான்.

சீல் அடுக்கின் கடைசி இரண்டு டிரேயைச் சிவப்பாக வையுங்கள். மூன்று வாரம் அவற்றை யாரும் தொடவில்லை என்றால் ஓர் அட்டையை எடுத்துவிடுங்கள். 18 போய் 17. மறுபடி மூன்று வாரம். 15-க்கு வரும்போது ஒருநாள் சிவப்பில் கை வைக்க நேரிடும். அப்போது உடனே அட்டையைத் திரும்பப் போடாமல், அந்தச் சீல் டிரே எங்கே இருந்தது என்று தேடிப் போங்கள். காலை பத்து மணிக்கு வந்திறங்கிய டிரே, தரப் பரிசோதனை மேஜையில் மாலை நான்கு வரை கையெழுத்துக்காகக் காத்திருந்தது தெரியவரலாம். பரிசோதகர் இறக்கும் இடத்திலேயே பார்த்து அனுப்பினால், மூன்று நாளில் அரை நாளுக்கு மேல் குறையும், 15 அட்டை நிம்மதியாக ஓடும். காரணம் ஒரு நாளில் தீராது என்றால் மட்டும் அட்டையைத் தற்காலிகமாகத் திருப்பிப் போடுங்கள், எப்போது எடுப்போம் என்று தேதியை அதிலேயே எழுதி.

ஒரு முறைக்கு ஒரு பொருளில் ஓர் அட்டை. எல்லாப் பொருளிலும் ஒரே நாளில் குறைத்தால் எது நிறுத்தியது என்றே தெரியாது.

எங்கே பிசகும்

தொலைந்த அட்டைதான் அடிக்கடி வரும் தொல்லை. சட்டைப்பையில், டிரேயின் அடியில், வண்டியின் இடுக்கில் என்று போய்விடும். லைன் உடனே நிற்காது, சில நாள் கழித்து அடிக்கடி தட்டுப்பாடு வரும், காரணம் புரியாது. வாரம் ஒருமுறை எண்ணுங்கள்: சீலுக்கு 18 என்றால் அடுக்கில், பெட்டியில், சப்ளையரிடம் எல்லாம் சேர்த்து 18 இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம், தட்டுப்பாட்டைப் பார்த்துப் பயந்து யாராவது நகல் எடுத்திருந்தால் 20 இருக்கும்.

தேவை மாறினால் டாக்டையும் அட்டையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கோடையில் நாளைக்கு 300 ஆனால் டாக்ட் 90 நொடி. லைனை 82 நொடியில் ஓட்ட 570-க்கு ஏழு பேர் வேண்டும், சீல் அட்டை 22 ஆகும். மாதம் ஒருமுறை மாற்றுவது சமாளிக்கக்கூடியது. வாரா வாரம் மாற்றினால் ஆபரேட்டர் கையில் எந்த வேலை வரிசையும் படியாது.

எல்லாப் பொருளுக்கும் கான்பான் பொருந்தாது. மாதம் மூன்று மட்டும் விற்கும் மாடலின் கேசிங்கை அட்டையில் வைத்தால், டிரே மாதக்கணக்கில் தூசி படிந்து கிடக்கும். ஆர்டர் வந்த பிறகு வரவழையுங்கள். அறுபது நாள் கழித்துக் கப்பலில் வரும் பேரிங்குக்கு அட்டை அனுப்புவதும் வீண், அதை வழக்கமான கொள்முதல் திட்டத்தில் வாங்கி உங்கள் ஸ்டோரில் வைத்துக்கொண்டு, ஸ்டோரிலிருந்து லைனுக்கு மட்டும் அட்டை ஓட்டுங்கள்.